முப்பது வினாடியில் மூன்று பதில்: நேரலைக்கு முன்னோட்டக் காணொளி செய்யும் பாடம்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, மண்டபமும் கோயிலும் மூடிக் கிடந்த மாதங்களில்தான் நம்மில் பலர் நேரலைக்குப் பழகினோம். ஆணை போய்விட்டது, நேரலை போகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே லயத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர் இன்று ஈப்போவில் தாமான் வீட்டில் இருக்கிறார், ஒருவர் கிள்ளானில், ஒருவர் சிங்கப்பூரில். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாகிவிட்டது, லயம் இடிந்துவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. அந்தக் கோயிலைப் பற்றி இவர்கள் எல்லோரும் சேர்ந்து பேச ஒரு இடம் வேண்டும் என்றால், அது கைப்பேசித் திரைதான்.

ஆனால் நேரலை நடக்கிறது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்பு கோயில் சுவரில் ஒட்டினால் போதும். இன்று புலனக் குழுவில் வந்து விழும் நூறு செய்திகளுக்கு நடுவே ஒரு சின்னக் காணொளிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதைத்தான் முன்னோட்டம் என்கிறோம். எங்கள் கிளையில் ஒரு நேரலைக்கு முன்னோட்டம் செய்த வேலையை உதாரணமாக வைத்து, அதைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் சொல்கிறேன்.

அழைப்பிதழ் வேறு, முன்னோட்டம் வேறு

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் பழைய படக்காட்சிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். செய்தி வாய்வழியாகத்தான் பரவும்: "சனிக்கிழமை ராத்திரி, கோயில் திடல்ல, எம்.ஜி.ஆர் படம்!" அவ்வளவுதான். என்ன, எப்போது, ஏன் வர வேண்டும் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஏன் வர வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையே இல்லை. எம்.ஜி.ஆர் என்ற பெயரே காரணம்.

இப்போது நம் கோயில் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைவர் பெயர், துணைத் தலைவர் பெயர், செயலாளர், பொருளாளர், உபயதாரர்கள், சிறப்பு வருகை. அழைப்பிதழுக்கு அது சரி. பெயர் போடுவது அங்கே மரியாதை. கையில் வாங்கியவர் நிதானமாகப் படிப்பார். ஆனால் முன்னோட்டத்தைப் பார்ப்பவர் பேருந்துக்குக் காத்துக்கொண்டே விரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவர். நாம் பெயர்ப் பட்டியலை முடிப்பதற்குள் அவர் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்.

ஆகவே முன்னோட்டத்தின் வேலை மூன்றே கேள்விக்குப் பதில் சொல்வது. எதைப் பற்றி? எப்போது? நான் ஏன் வரணும்? முதல் இரண்டும் சுலபம், எழுதி வைத்தால் போதும். மூன்றாவதுதான் கஷ்டம். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பது

எங்கள் நேரலையின் தலைப்பு தோட்டத்துக் கோயில் நிலம். நிலச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் ஐயா பேச ஒப்புக்கொண்டார். அவர் தரப்போகும் விஷயங்களைப் பட்டியல் போட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். அதைத் தடுக்க 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். கோயிலைப் பதிவு செய்யும் முறை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். நில அலுவலகத்தில் தேடல் செய்வது. எல்லாமே நல்ல விஷயங்கள். சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சம்பந்தன் பெயரைக் கேட்டாலே ஒரு ஒட்டுதல் உண்டு. அது அவருடைய நாடாளுமன்றத் தொகுதி. அதையே முன்னோட்டத்தில் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: "இந்த நேரலைக்கு வராதவரால் மறுநாள் எதைச் செய்ய முடியாது?" சம்பந்தன் வரலாற்றைத் தவறவிட்டால் பிறகு படித்துக்கொள்ளலாம். கோயில் பதிவு முறையையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயம் மிஞ்சியது. நம் தோட்டத்துக் கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கோயில் பொறுப்பாளர்கள் பலருக்குத் தெரியாது. அதை எப்படிப் பார்ப்பது என்பதும் தெரியாது. கேட்டால், "தாத்தா காலத்திலிருந்து இருக்குப்பா, எண்பது வருஷக் கோயில், யாரு என்ன செய்ய முடியும்?" என்பார்கள்.

அங்கேதான் சிக்கல். தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி, அரசாங்க நிலத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் இருந்ததனால் மட்டும் உரிமை வராது. தனியார் நிலத்துக்கு 341-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் எவ்வளவு காலம் அனுபவித்திருந்தாலும், பட்டாவில் பெயருள்ள உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடுவதை அது தடுக்காது. தோட்டக் கம்பெனி நிலத்தை விற்றுவிட்டால் புது முதலாளிக்கு அந்தக் கோயில் தன் நிலத்தில் இருக்கும் ஒரு கட்டடம். பழைய துரை வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி அவரிடம் இருக்காது. ஆகவே பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன்பே யார் பெயர் பதிவில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி பெயரா, மாநில அரசா, கோயிலுக்கென்று ஒதுக்கிய நிலமா என்பதைப் பொறுத்து போக வேண்டிய கதவே மாறும்.

காரணம் கிடைத்துவிட்டது: நேரலைக்கு வந்தால், உங்கள் கோயில் நிலம் யார் பெயரில் என்று நீங்களே தேடிப் பார்க்கும் வழி தெரியும். இது ஒரே வாக்கியம். பார்ப்பவர் தன்னைப் பற்றியது என்று உடனே உணர்வார். வந்து போன பிறகு அவர் செய்யக்கூடிய ஒரு செயலும் அதில் இருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. "பதிவு இருக்குமே, அப்புறமா பார்த்துக்குறேன்" என்று ஒருவர் சொன்னால் நம் காரணம் தாங்குமா? வழிமுறையை மட்டும் சொன்னால் தாங்காது; பதிவைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம். நேரலையில் மட்டுமே கிடைப்பது என்ன? நம் கோயிலைப் பற்றிய கேள்வியை வழக்கறிஞரிடம் அந்த நிமிடமே கேட்பது. ஆகவே காரணத்தின் வாலில் அதையும் கட்டினோம். இது இரண்டாவது காரணம் ஆகாது. அதே காரணம் ஏன் அந்த ராத்திரியே வேண்டும் என்பதற்கான பதில்.

சம்பந்தன் வரலாறு என்ன ஆயிற்று? நேரலையின் முதல் பத்து நிமிடத்துக்குப் போனது. முன்னோட்டத்தில் இல்லாததால் அதற்குக் குறைவு ஒன்றும் இல்லை.

எழுத்து: இரண்டு வரைவுகள்

எங்கள் கிளைத் தங்கை ஒருவர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இப்படி இருந்தது:

"அனைவருக்கும் வணக்கம். நமது கிளையின் ஏற்பாட்டில், தலைவர் அவர்களின் தலைமையில், ஆலய நிலம் தொடர்பான மாபெரும் சட்ட விழிப்புணர்வு நேரலை எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறவுள்ளது. ஆலய வரலாறு, பதிவு, நிலச் சட்டம், இளைஞர் பங்கு எனப் பல அங்கங்கள் இடம்பெறும். அனைவரும் திரளாக வந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

தமிழில் குறையே இல்லை. மேடையில் வாசித்தால் கைதட்டுவார்கள். ஆனால் மூன்று கேள்வியை வைத்து அளந்து பாருங்கள். எதைப் பற்றி என்பது மூன்றாவது துண்டில்தான் வருகிறது. எப்போது என்றால் "எதிர்வரும் சனிக்கிழமை", மணியே இல்லை. ஏன் வர வேண்டும் என்றால் சிறப்பிக்க! அதாவது நமக்கு அவர் உதவ வர வேண்டும். அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு சொல்லும் இல்லை.

அதே தங்கையே உட்கார்ந்து திருத்தி எழுதியது கீழே. 2026 மார்ச் 14 சனிக்கிழமை இரவு நடக்கும் நேரலைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

0 முதல் 6 வினாடி: "உங்க தோட்டத்துக் கோயில் நிக்கிற நிலம் யாரு பேர்ல இருக்கு, தெரியுமா?"

6 முதல் 14 வினாடி: "எண்பது வருஷம் கும்பிட்டாலும், அதனால மட்டும் நிலம் கோயிலுக்குச் சொந்தமாகாது. பதிவேட்டுல இருக்கிற பேருதான் கணக்கு."

14 முதல் 23 வினாடி: "அந்தப் பேரை நீங்களே தேடிப் பார்க்கிற வழியை ஒரு வழக்கறிஞர் காட்டுறார். உங்க கோயிலைப் பத்தின கேள்விய அப்பவே கேக்கலாம்."

23 முதல் 30 வினாடி: "மார்ச் பதினாலு, சனிக்கிழமை, ராத்திரி எட்டரை மணிக்கு, எங்க யூடியூப் பக்கத்துல நேரலை."

மொத்தம் 46 சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆகவே ஆங்கில விளம்பரங்களைப் பார்த்துச் சொல் எண்ணிக்கை வைக்காதீர்கள். முப்பது வினாடிக்கு நாற்பத்தைந்து, ஐம்பது சொல்லுக்குள் இருந்தால்தான் மூச்சு வாங்காமல் பேச முடியும். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முப்பத்தைந்து வினாடி வந்தால் வேகமாகப் பேசிச் சமாளிக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள்.

"வணக்கம்" எங்கே போனது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நேரலை தொடங்கும்போது வணக்கமும் உண்டு, கடவுள் வாழ்த்தும் உண்டு. முன்னோட்டத்தில் முதல் சில வினாடிதான் பார்ப்பவரை நிறுத்தும். அங்கே அவருடைய கோயில் இருக்க வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் கிளைச் சின்னம் சுழன்று வரும் காட்சியையும் தொடக்கத்தில் வைக்கவில்லை. சின்னம் கடைசித் திரையில், தேதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள்: பேசப்போகிறவருக்கே அனுப்பிச் சரிபாருங்கள். இடையில் ஒரு வரைவில் "நிலவரி ரசீதைக் கையில வச்சுக்கிட்டு வாங்க" என்று ஒரு வரி இருந்தது. வழக்கறிஞர் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்பெனி நிலத்துல இருக்கிற கோயிலுக்கு நிலவரி ரசீது ஏது? அந்த பில் கம்பெனிக்குத்தானே போகும்" என்றார். அந்த வரி அப்படியே போயிருந்தால், யாருக்கு இந்த நேரலை மிகவும் தேவையோ அவர்களே "நம்மகிட்ட ரசீது இல்லையே, இது நமக்கில்ல" என்று ஒதுங்கியிருப்பார்கள். தேடலுக்கு உண்மையில் வேண்டியது முக்கிம் பெயரும் லாட் எண்ணும். லாட் எண் தெரியாதவர் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே நேரலையில் சொல்ல வேண்டிய பாடம். ஆகவே முன்னோட்டத்தில் எதையும் கொண்டுவரச் சொல்லாமல் விட்டோம்.

தேதியை எழுதும் முறை

முன்னோட்டம் ஒரு புலனக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நாம் திங்கட்கிழமை போட்டதை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். "வரும் சனிக்கிழமை" என்று இருந்தால், அவர் நேரலை முடிந்த மறுநாள் இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று நினைப்பார். "நாளை இரவு" இன்னும் மோசம். ஆகவே நாள், தேதி, மாதம், ஆண்டு, மணி எல்லாமே திரையில் எழுத்தாக இருக்க வேண்டும்:

14 மார்ச் 2026, சனிக்கிழமை, இரவு 8.30

வெறும் 8.30 போதாது; காலையா இரவா என்று எழுதுங்கள். மாதத்தை எண்ணில் போடாமல் பெயரில் போடுங்கள். ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். பழைய காணொளி அடுத்த வருடமும் சுற்றி வரும். ஆண்டு இருந்தால் பார்ப்பவர் ஏமாற மாட்டார். சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தால் மலேசிய நேரம் என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு 8.30 என்றால் அங்கே மாலை 6 மணி.

இந்த எழுத்து கடைசி ஏழு வினாடியும் அசையாமல் திரையில் நிற்க வேண்டும். பறந்து வந்து, சுழன்று, மின்னி மறையும் எழுத்தை யாரும் நினைவில் வைக்க முடியாது. பார்ப்பவர் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள நேரம் கொடுங்கள். பலர் அப்படித்தான் தேதியைச் சேமிக்கிறார்கள்.

நேரலை தள்ளிப்போனால் பழைய காணொளியின் கீழே கருத்தில் மட்டும் எழுதாதீர்கள். பகிரப்பட்ட பிரதிகளோடு அந்தக் கருத்து போகாது. பின்னணி நிறத்தை மாற்றி, மேலே "தேதி மாற்றம்" என்று பெரிதாகப் போட்டுப் புதுக் காணொளியை அதே குழுக்களுக்கு அனுப்புங்கள்.

படம், எழுத்து, ஒலி

கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுங்கள்; அளவு 1080 x 1920. நான்கு காட்சி போதும். கோயிலும் அதன் பின்னால் செம்பனை மரங்களும் தெரியும் ஒரு தூரக் காட்சி, பேசுபவர் முகம், பழைய தோட்டத்துப் பாதையில் கோயிலை நோக்கி நடக்கும் கால்கள், கடைசியில் தேதித் திரை. மூலஸ்தானத்தைப் படம் எடுக்க வேண்டாம். கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே விளையாடும் பிள்ளைகளின் முகம் விழாமல் பாருங்கள்.

பலர் ஒலியை அணைத்துவிட்டே காணொளி பார்க்கிறார்கள். ஆகவே பேசும் ஒவ்வொரு வரியும் எழுத்தாகவும் வர வேண்டும். ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். திரையின் உச்சியிலும் அடியிலும் எழுத்து வைக்காதீர்கள். அங்கே செயலியின் பெயரும் பொத்தான்களும் வந்து மறைத்துவிடும். நடுப்பகுதிதான் பாதுகாப்பான இடம். புலனம் காணொளியைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது மெல்லிய எழுத்து கலங்கிப்போகும். ஆகவே தடித்த எழுத்து, கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளை.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். சில தொகுப்புச் செயலிகளில் தமிழ் எழுத்துரு சரியாக இறங்காது. "கோயில்" என்பதன் கொம்பு தனியாக நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். செயலியில் சரியாகத் தெரிந்தாலும், சேமித்து முடித்த காணொளியில் ஒருமுறை "கொ", "கோ", "கெ", "கூ" வரும் சொற்களை நிறுத்திப் பாருங்கள். அங்கே உடைந்திருந்தால் எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது அந்த வரியைப் படமாகச் செய்து ஒட்டுங்கள்.

ஒலியில் பெரிய எதிரி காற்று. திறந்த தோட்டத்தில் பேசினால் கைப்பேசியில் "புஸ்" என்ற சத்தம்தான் முன்னால் நிற்கும். எங்கள் தம்பி ஒருவர் காட்சியை வெளியே எடுத்தார். குரலைக் காரின் உள்ளே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்தார். பிறகு இரண்டையும் சேர்த்தார். உறுமி மேளம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். தொடக்கத்தில் இரண்டு வினாடி வைத்தோம்; கேள்வி வரும்போது முற்றாக நிறுத்தினோம். பேச்சுக்கு அடியில் உறுமி ஓடினால் பேச்சு தோற்றுவிடும். சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமைச் சிக்கலில் ஒலியை அடைத்துவிடுவார்கள், அல்லது காணொளியையே நீக்கிவிடுவார்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

காணொளி தயாரானதும் கிளைக்குள்ளேயே காட்டி, "சூப்பர் அண்ணே" என்று கேட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது. நமக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள். பிறகு கைப்பேசியை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எதைப் பத்தி? எப்போ? போனா உங்களுக்கு என்ன கிடைக்கும்?

நாங்கள் புந்தோங்கில் ஒரு அக்காவிடம் காட்டினோம். முதல் கேள்விக்கு "கோயில் நிலம்" என்றார். இரண்டாவதற்கு "சனிக்கிழமை ராத்திரி" என்றார். மூன்றாவதற்கு, "கோயில காப்பாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பதில் எங்களை நிறுத்தியது. அப்போது காணொளியின் இரண்டாம் காட்சியில் இடிந்த லயத்தின் படம் ஒன்று இருந்தது. "சொந்தமாகாது" என்ற சொல்லோடு அந்த இடிபாடு சேர்ந்ததும், அக்காவுக்கு அது கோயில் உடைப்பு எச்சரிக்கையாகத் தெரிந்திருக்கிறது. எழுத்தில் சரியாக இருந்தது படத்தோடு சேர்ந்து வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது. இடிபாட்டை எடுத்துவிட்டு, கோயிலை நோக்கி நடக்கும் கால்களை அங்கே வைத்தோம். வேறொருவரிடம் காட்டியபோது, "யாரு பேர்ல இருக்குன்னு பார்க்கிறது எப்படின்னு சொல்லித் தருவாங்க" என்றார். அதுதான் வேண்டிய பதில்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. பயம் காட்டினால் காணொளி வேகமாகப் பரவும். வேறு மாநிலத்தில் எப்போதோ உடைபட்ட கோயிலின் படத்தைப் போட்டால் இன்னும் வேகமாகப் பரவும். ஆனால் முன்னோட்டம் நேரலையிலிருந்து பிரிந்து தனியாகத்தான் ஊர் சுற்றும். தேதியை வெட்டிவிட்டு அந்தப் படத்தை மட்டும் ஒருவர் அனுப்பினால் அது வதந்தி. ஒரு குறிப்பிட்ட கோயில் நிர்வாகத்துக்கும் நில உரிமையாளருக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையைக்கூட அது கெடுக்கலாம். அதேபோல, நேரலையில் தர முடியாததை முன்னோட்டத்தில் சொல்லக்கூடாது. தேடல் செய்தால் யார் பெயர் என்று தெரியும். அதனால் நிலம் கோயிலுக்கு வந்துவிடாது. அந்த வேறுபாட்டை முப்பது வினாடியிலும் காப்பாற்ற வேண்டும்.

எப்போது, எப்படி அனுப்புவது

முன்னோட்டத்துக்கு முன் நேரலைக்கான இணைப்பு தயாராக இருக்க வேண்டும். யூடியூபில் நேரலையை முன்கூட்டியே தேதி குறித்து வைத்தால் ஒரு இணைப்பு கிடைக்கும். அதைத் தொட்டவர் காத்திருப்புப் பக்கத்தில் Notify me என்பதை அழுத்திவிட்டால் நேரம் வரும்போது அவருக்கு நினைவூட்டல் போகும். புதிதாக நேரலை தொடங்கும் கிளைகள் கவனிக்க: யூடியூபில் முதல் முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கைப்பேசியிலிருந்தே நேரலை செய்ய 50 சந்தாதாரர்களாவது வேண்டும். தேதியை அறிவித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் சங்கடம்.

காணொளிக்குள் எழுதிய இணைப்பை விரலால் தொட முடியாது. கியூஆர் குறியீடு வைத்தாலும், அதே கைப்பேசியில் பார்ப்பவர் அதை எதைக்கொண்டு படிப்பார்? ஆகவே இணைப்பைக் காணொளியோடு போகும் செய்தியில் எழுதுங்கள், தேதியையும் அதே செய்தியில் ஒருமுறை எழுதுங்கள். காணொளியைத் திறக்காதவரும் அந்த இரண்டு வரியைப் படிப்பார்.

ஏழு நாளுக்கு முன் ஒருமுறை, முதல் நாள் ஒருமுறை அனுப்பினால் போதும். நேரலை அன்று "இன்று இரவு" என்று போட ஆசையாக இருந்தால் புலன நிலையில் மட்டும் போடுங்கள். அது 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும், பழைய "இன்று" நாளைக்குச் சுற்றாது.

முன்னோட்டம் வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள்; கோயில் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நேரலைக்கு முன் வரும் கேள்விகளைப் பாருங்கள். "எத்தனை மணிக்கு?" என்று பலர் கேட்டால் தேதித் திரை தோற்றிருக்கிறது. "இது எதைப் பத்தி?" என்றால் முதல் வரி தோற்றிருக்கிறது. "எங்க கோயில் ஆற்றோரத்துல இருக்கு, அதுக்கும் லாட் எண் இருக்குமா?" என்று ஒருவர் கேட்டால் காரணம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர் ஏற்கெனவே நேரலைக்குள் வந்துவிட்டார். அந்தக் கேள்விகளை எழுதி வைத்துப் பேச்சாளரிடம் கொடுங்கள்.

கிளையில் செய்ய ஒரு பயிற்சி

உங்கள் கிளையின் அடுத்த நேரலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூவர் மூவராகப் பிரிந்து உட்காருங்கள்.

ஒன்று, அந்த நேரலையில் சொல்லப்போகும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் "வராதவரால் மறுநாள் எதைச் செய்ய முடியாது?" என்று கேட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள்.

இரண்டு, அதை வைத்து ஐம்பது சொல்லுக்குள் எழுதி, கடிகாரத்தோடு வாய்விட்டுப் படியுங்கள். முதல் வரியில் கிளையின் பெயர் இருந்தால் எடுத்துவிட்டு, பார்ப்பவரின் வீடோ கோயிலோ பிள்ளையோ அங்கே வருகிறதா என்று பாருங்கள்.

மூன்று, இன்னொரு குழுவிடம் ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டி, தாளை மறைத்துவிட்டு மூன்று கேள்வியையும் கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பல நேரம் நீங்கள் எழுதியதைவிட அது நன்றாக இருக்கும். அப்படியானால் அதையே முதல் வரியாக வைத்துவிடுங்கள்.